பார்சல் சுங்கத்தில் நிற்கிறதா? கூரியருக்கு எழுதும் முறை



நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் பிள்ளையோ பெண்ணோ உடன்பிறந்தவர்களோ கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பார்சல் பெங்களூர் வரை பறந்து வந்துவிட்டு, அங்கிருந்து மைசூருக்கு 180 கிலோமீட்டர் வர முடியாமல் நின்றுபோவது இப்போது அடிக்கடி நடக்கிறது. சென்ற ஆண்டு எனக்கும் நடந்தது. முதலில் தவறாக ஒரு கடிதமும், பிறகு சரியாக ஒரு கடிதமும் எழுதினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டொராண்டோவில் இருக்கும் என் தங்கை, எங்கள் அம்மாவின் பழைய புகைப்படங்களையெல்லாம் சேர்த்து, ஓர் அச்சகத்தில் ஆல்பமாகக் கட்டுவித்தாள். அம்மாவின் முதல் வருஷத் திதி ஆகஸ்ட் 24 அன்று. அதற்குள் வந்து சேரவேண்டும் என்று ஆல்பத்தோடு இரண்டு கம்பளிச் சால்வைகளையும் வைத்துக் கூரியரில் அனுப்பினாள். ஆகஸ்ட் 5 அன்று பார்சல் பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு வந்துவிட்டதாகக் கம்ப்யூட்டரில் தெரிந்தது. அதன் பிறகு மூன்று நாள் ஒரே வரிதான்: "Clearance event". நான் உடனே உட்கார்ந்து கூரியர் கம்பெனிக்கு நான்கு பக்கம் எழுதினேன். ரயில்வேயில் 36 ஆண்டு பணியாற்றியவன், மூத்த குடிமகன், தாயின் திதிக்கு வரவேண்டிய பொருள், இப்படி அலைக்கழிக்கலாமா என்றெல்லாம் அதில் இருந்தது. பார்சல் எண் மட்டும் மூன்றாம் பக்கத்தில் எங்கோ இருந்தது. ஒன்பது நாள் ஆகியும் பதில் இல்லை.

பிறகு ஒரு காலைப்பொழுது முழுவதும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவழியாகச் சுங்க வேலையைப் பார்க்கும் அவர்களுடைய பிரிவில் ஒரு பையனைப் பிடித்தேன். "சார், உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல இல்ல. எங்க கிட்டதான் இருக்கு. பேப்பர் வந்தாதான் நாங்க ஃபைல் பண்ண முடியும்" என்றான். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

விஷயம் இதுதான். நம் பெயருக்கு வரும் கூரியர் பார்சலைச் சுங்க அதிகாரி தாமாக எடுத்துப் பார்த்து அனுப்பிவிடுவதில்லை. சுங்க இலாகாவில் பதிவு பெற்ற கூரியர் கம்பெனி, நமக்குப் பதிலாக 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற அறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, விலை என்ன, யாருக்கு, எவ்வளவு வரி என்பதெல்லாம் அதில் இருக்கும். கூரியர் பார்சல்களுக்கான இந்த மின்னணு முறைக்கு 2010-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் ஆதாரம். அறிக்கை தாக்கலானால்தான் அதிகாரியின் பார்வைக்கே பார்சல் வரும். ஆகவே நம்முடைய கடிதம் புகார்க் கடிதமாக இருந்து பயனில்லை. அந்த அறிக்கையைப் பூர்த்தி செய்ய அவர்களுக்கு வேண்டியதைக் கொடுக்கும் கடிதமாக இருக்கவேண்டும்.

ரயில்வேக்காரனுக்குப் புரியும்படி சொன்னால், வண்டி நிற்கிறது என்பது போதாது. எந்த சிக்னலில் நிற்கிறது என்று தெரியவேண்டும். பார்சல் மூன்று இடங்களில் நிற்கலாம். முதலாவது, அறிக்கையே தாக்கலாகாமல் கூரியரிடம் நிற்பது. இரண்டாவது, தாக்கலான பிறகு அதிகாரி ஏதோ கேள்வி எழுப்பி, பதிலுக்காக நிற்பது. மூன்றாவது, வரி நிர்ணயமாகி, பணம் கட்டாததால் நிற்பது. கம்ப்யூட்டர் திரையில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான் வரும். வித்தியாசம் காண ஒரே கேள்வி போதும்: "பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் என்ன?" எண் இல்லை என்றால் முதல் இடம். எண் இருந்தால், அதிகாரியின் கேள்வி எதுவும் நிலுவையில் உள்ளதா என்று அடுத்துக் கேளுங்கள்.

இதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். பார்சல் எண் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், மீண்டும் இரண்டு எழுத்து என்று மொத்தம் 13 இடங்களில் இருந்தால் அது தபாலில் வந்தது. கடைசி இரண்டு எழுத்தும் அனுப்பிய நாட்டைக் குறிக்கும்; கனடா என்றால் CA. அப்படிப்பட்ட பார்சலுக்குத் தனியார் கூரியரிடம் எழுதிப் பயனில்லை. வெளிநாட்டுத் தபால் அலுவலகத்துக்குத்தான் எழுதவேண்டும். என்னுடையது கூரியரின் சொந்த எண். நம்முடைய பழைய ரயில்வே ரசீது எண் மாதிரி இதற்கு 'ஏர்வே பில்' எண் என்று பெயர். கையால் எழுதி வைத்ததைப் பார்த்து எழுதாமல், அனுப்பியவரிடம் ரசீதின் படத்தையே வாங்கி அதிலிருந்து எழுதுங்கள்.

நிற்க, என் பார்சல் ஏன் நின்றது? இரண்டு காரணங்கள். இரண்டும் தங்கை அன்போடு செய்தவை.

முதல் காரணம், பெட்டியின் மேல் ஒட்டிய இன்வாய்ஸில் "Gift, no commercial value" என்று எழுதியிருந்தாள். அன்பளிப்பு என்று எழுதினால் வரி இருக்காது என்பது நம்மவர்களிடையே பழைய நம்பிக்கை. அது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையும்கூட. 5,000 ரூபாய் வரை மதிப்புள்ள அன்பளிப்புக்கு வரிவிலக்கு இருந்தது. ஆனால் 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி, தபாலிலோ கூரியரிலோ வருவதை அன்பளிப்பு என்று சொல்லி விடுவிக்கக் கேட்பது தடை செய்யப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுப் பொருளுக்குக்கூட விலக்கு இல்லை. ஆனால் அதே அறிவிக்கையில் இன்னொரு வாசகமும் உண்டு: முழு வரியையும் கட்டினால் அன்பளிப்புப் பொருளை இறக்குமதி செய்துகொள்ளலாம். இந்த இரண்டாவது வாசகம்தான் நமக்கு வழி. அன்பளிப்பு என்ற வகையில் வேண்டாம், சொந்த உபயோகத்துக்கான பொருளாக வரி கட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று நாம் எழுத்தில் கொடுத்துவிட்டால் கூரியர்காரர் தாக்கல் செய்யத் தயங்கவேண்டியதில்லை. அன்பளிப்பு, மாதிரிப் பொருள் ஆகியவற்றுக்கு CBE-XII என்று ஒரு படிவம். ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, வரி உள்ள பொருளுக்கு CBE-XIII என்று இன்னொரு படிவம். நமக்கு வேண்டியது இரண்டாவது. நாம் எழுதிக் கொடுக்காமல் அவர்களாக வகையை மாற்றமாட்டார்கள். எத்தனை நாளானாலும் காத்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம் பெயர். ஆதார் அட்டையில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரின் முதலெழுத்து மட்டும்தான் உண்டு. தங்கையோ அந்த ஊர் வழக்கப்படி அப்பாவின் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் போல என் பெயருக்குப் பின்னால் எழுதிவிட்டாள். பெறுபவர் யார் என்று அடையாளச் சான்றை வைத்துச் சரிபார்ப்பது கூரியரின் கடமை. இரண்டு பெயரும் பொருந்தவில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இன்ஷியல் போட்டுக்கொள்ளும் தமிழர்கள் அத்தனை பேருக்கும் இந்த வில்லங்கம் காத்திருக்கிறது. அப்பாவின் பெயர் முழுதாக அச்சிட்டிருக்கும் பான் கார்டும் ஆதாரும் சேர்த்துக் கொடுத்து, இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும்.

ஆகஸ்ட் 19 அன்று இரண்டாவது கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். தலைப்பிலேயே ஏர்வே பில் எண், "சுங்க விடுவிப்புப் பிரிவின் கவனத்துக்கு", "பெறுபவர் மைசூர்" என்ற மூன்றையும் போட்டேன்.

"மேற்கண்ட எண்ணுள்ள பார்சல் டொராண்டோவிலிருந்து அனுப்பப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று பெங்களூர் வந்து சேர்ந்தது. பெட்டி ஒன்று. உள்ளே இருப்பவை: அச்சிட்டுக் கட்டிய குடும்பப் புகைப்பட ஆல்பம் 1, விலை 140 கனடா டாலர், கம்பளிச் சால்வை 2, விலை 60 டாலர். மொத்தம் 200 டாலர். இன்வாய்ஸில் அன்பளிப்பு என்று எழுதியிருப்பது தவறு. திருத்திய இன்வாய்ஸை இணைத்திருக்கிறேன். பொருள்கள் என் சொந்த உபயோகத்துக்கு, வியாபாரத்துக்கு அல்ல. உரிய வரியைக் கட்டி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அதற்கேற்ற படிவத்தில் தாக்கல் செய்ய உங்களுக்கு அதிகாரம் அளிக்கிறேன். பார்சலில் உள்ள பெயரும் என் ஆதாரில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கும். பான் கார்டு நகலைக் காண்க. தயவுசெய்து மூன்று விவரம் தெரிவியுங்கள்: பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும், அதிகாரியின் கேள்வி இருந்தால் அதன் வாசகம், கட்டவேண்டிய தொகையின் பிரிவு வாரியான கணக்கு."

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. திதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இணைத்த காகிதங்கள் ஆறு. ஒன்று, தங்கை கையெழுத்திட்ட திருத்திய இன்வாய்ஸ். இரண்டு, அச்சகத்தின் பில்லும் சால்வைக் கடையின் பில்லும். மூன்று, அவள் பணம் கட்டியதற்கான வங்கி அட்டைக் கணக்கின் அந்த ஒரு வரி. மற்ற வரிகளை மறைத்துவிடலாம். நான்கு, கூரியர் ரசீது. ஐந்து, ஆதார், பான் நகல்கள். ஆறு, என் பெயரில் தாக்கல் செய்யக் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம். அடையாள நகல்களின் குறுக்கே "இந்த ஏர்வே பில்லுக்கு மட்டும்" என்று எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வேறு காரியத்துக்குப் பயன்படாது. இறக்குமதியாளர் குறியீட்டு எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் வேண்டும் என்று அவர்களுடைய அச்சடித்த பதிலில் வரலாம். சொந்த உபயோகத்துக்குப் பொருள் வரவழைக்கும் தனி நபருக்கு இறக்குமதியாளர் எண் தேவையில்லை. அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இருபது டாலர் என்று ஒரு பில் போட்டு அனுப்பச் சொல்லலாமே மாமா என்று எங்கள் வீட்டு இளைஞன் ஒருவன் யோசனை சொன்னான். வேண்டாம். பொய்யான ஆவணம் கொடுத்தால் சுங்கச் சட்டம் 1962-இன் 114ஏஏ பிரிவின்படி பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அது போகட்டும், நம்பமுடியாத விலைதான் அதிகாரியைக் கேள்வி கேட்க வைக்கும். கடை பில்லும் வங்கிக் கணக்கு வரியும் ஒத்துப்போனால் அவருக்குக் கேட்க எதுவும் இல்லை.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 22 அன்று, பில் ஆஃப் என்ட்ரி எண் வந்தது. மறுநாள் கணக்கு வந்தது. வேலையில் இருந்த காலத்துப் பழக்கம், கணக்கைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். அதில் ஒரு பிழை இருந்தது. அன்பர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டிய இடம் இது.

வரி, பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. விலையோடு கூரியர் செலவும் இன்ஷ்யூரன்ஸும் சேர்ந்த தொகைக்கு வரி. கணக்கு எளிதாக இருக்க டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொருள் விலை 200 டாலர், அதாவது 12,000 ரூபாய். தங்கை கூரியருக்குக் கட்டியது 110 டாலர், அதாவது 6,600 ரூபாய். அதை அப்படியே சேர்த்திருந்தார்கள். ஆனால் 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-ஆவது விதி, விமானத்தில் வரும் பொருளுக்குப் போக்குவரத்துச் செலவாகச் சேர்க்கும் தொகை, பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. 12,000-க்கு 20 சதவீதம் 2,400 ரூபாய். இன்ஷ்யூரன்ஸ் தனியாகத் தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதம், அது 135 ரூபாய். ஆக வரிக்குரிய மதிப்பு 14,535 ரூபாய். அவர்கள் போட்டது 18,735. வித்தியாசம் 4,200 ரூபாய். அந்தத் தொகைக்கும் வரி கட்டச் சொன்னார்கள்.

விதி எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினேன். மறுபேச்சில்லாமல் திருத்தி அனுப்பினார்கள். அதில் இரண்டு நாள் போயிற்று. பணம் கட்டுவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடவேண்டும். கட்டிய பிறகு திரும்பப் பெறுவது தனிக் கதை.

கணக்கின் மற்ற வரிகளைப் படிப்பது சுலபம். சொந்த உபயோகத்துக்கு விமானத்தில் வரும் பொருள்களுக்கு 9804 என்ற தனித் தலைப்பு உண்டு. ஆல்பத்துக்கு ஒரு விகிதம், சால்வைக்கு ஒரு விகிதம் என்று பிரிக்காமல் அந்தத் தலைப்பின் கீழ் ஒரே விகிதம் போடுவார்கள். இந்த விகிதத்தை பட்ஜெட்டில் மாற்றுவதுண்டு என்பதால், பழைய கணக்கை வைத்து வாதாடவேண்டாம். அடிப்படைச் சுங்க வரியைப் போட்டு, அதையும் மதிப்போடு கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு ஐ.ஜி.எஸ்.டி. போடுவார்கள். இவை அரசுக்குப் போவது. அதற்குக் கீழே கூரியரின் சேவைக் கட்டணம், நம் சார்பில் வரியை முன்னதாகக் கட்டியதற்கான கட்டணம், பார்சல் கிடந்த நாளுக்கு வாடகை எல்லாம் தனியாக வரும். வரி என்று சொல்லி மொத்தமாக ஒரே தொகை கேட்டால், இந்த இரண்டு பகுதியையும் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு நாள் கைபேசியில் ஒருவன் கூப்பிட்டு, சுங்க அதிகாரி பேசுகிறேன், உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் ஆட்சேபகரமான பொருள் இருக்கிறது, உடனே 18,000 ரூபாய் அனுப்பினால் விட்டுவிடுவோம் என்றான். பார்சல் உண்மையிலேயே நின்றுகொண்டிருக்கும் வேளையில் இப்படிக் கூப்பிட்டால் யாருக்கும் கை நடுங்கும். நான் பில் ஆஃப் என்ட்ரி எண் என்ன என்று கேட்டேன், வைத்துவிட்டான். சுங்க இலாகா எழுத்தில் அனுப்பும் கடிதங்களில் 2019 நவம்பரிலிருந்து டி.ஐ.என். என்ற ஆவண அடையாள எண் இருக்கும். அந்த எண் உண்மையானதா என்று மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். எந்த அதிகாரியும் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லமாட்டார். நம்மிடம் வரியைப் பெறுவது கூரியர் கம்பெனி. அதையும் அவர்களுடைய சொந்த இணையதளத்துக்கு நாமே போய், ஏர்வே பில் எண்ணைக் கொடுத்துக் கட்டுவதுதான் பத்திரம்.

கடிதம் எழுதியும் பதில் இல்லையென்றால் எத்தனை நாள் பொறுப்பது? சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்படி, வந்து இறங்கிய 30 நாளுக்குள் விடுவிக்காத பொருளை, அறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்கலாம். ஆகவே இறங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து எண்ணுங்கள். மூன்று வேலை நாளில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே அடுத்ததை எழுதி, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கும் நகல் போடுங்கள். புதிதாக எழுதினால் புதிய புகார் எண் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். காகிதம் எல்லாம் கொடுத்தும் தாக்கல் செய்யாமல் வைத்திருந்தால் அது கூரியரின் சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். தாக்கலாகி, கேள்விக்குப் பதிலும் கொடுத்த பிறகு அதிகாரியிடம் நின்றால், மத்திய அரசின் pgportal.gov.in தளத்தில் மனுச் செய்யலாம். எந்த சிக்னல் என்று தெரிந்திருந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியும்.

என் பார்சலுக்கு 26-ஆம் தேதி பணம் கட்டினேன். 28-ஆம் தேதி காலையில் வீட்டு வாசலுக்கு வந்தது. திதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. முதல் கடிதத்திலேயே காகிதங்களை இணைத்திருந்தால் அந்த ஒன்பது நாள் மிச்சம். திதிக்கு முன்பே வந்திருக்கும். அதற்குக் கூரியரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் அம்மா அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலில், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் எடுத்த படம். இப்படி ஒரு படம் இருந்ததே எனக்குத் தெரியாது. அடுத்த திதிக்கு அதைத்தான் பெரிதாக்கி வைக்கப்போகிறோம்.

தங்கைக்கு எழுதிய பதிலில் இரண்டே விஷயம் கேட்டுக்கொண்டேன். இனி பெட்டியின் மேல் அன்பளிப்பு என்று எழுதாதே, கடை பில்லை உள்ளபடியே ஒட்டு. என் பெயரை ஆதாரில் இருப்பது போலவே இன்ஷியலோடு எழுது. வெளிநாட்டில் உறவுள்ள அன்பர்கள் அடுத்த பார்சல் கிளம்புவதற்கு முன் இந்த இரண்டையும் அங்கே சொல்லிவிட்டால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.